பொட்டாசியக் குறைவும் கால்சியக் குறைவும்: ஈசிஜியில் காணும் மாற்றங்கள்

இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்தாலும் கால்சியம் குறைந்தாலும் ஈசிஜியில் க்யூடி இடைவெளி நீள்வதாகப் பாடநூல்கள் ஒரே வரியில் சொல்லிவிடுகின்றன. இரண்டையும் அப்படிச் சேர்த்துச் சொல்வது சரியல்ல. கால்சியம் குறையும்போது நீள்வது எஸ்டி பகுதி. டி அலை தன் வடிவம் மாறாமல் தள்ளிப்போகிறது. பொட்டாசியம் குறையும்போது டி அலை தட்டையாகி, அதன் பின்னால் யூ அலை எழும்புகிறது. அந்த யூ அலையையும் டி அலையின் பகுதியாக எண்ணி அளப்பதால்தான் க்யூடி பெருமளவு நீண்டதாகத் தெரிகிறது.

யூ அலையை இனங்கண்டு பெயரிட்டவர் நெதர்லாந்தின் லைடன் நகரில் ஆய்வு செய்த வில்லெம் ஐந்தோவன். அவர் உருவாக்கிய இழைக் கால்வனோமீட்டர், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதயத்தின் மின்னோட்டத்தைத் தெளிவான கோடாக வரைந்து காட்டியது. டி அலைக்குப் பின் வந்த சிறு மேட்டுக்கு அகரவரிசையில் அடுத்த எழுத்து பெயராயிற்று. 1920இல் பாசெட், இதயத் துடிப்பின் வேகத்துக்கேற்ப க்யூடியைத் திருத்தும் வாய்பாட்டைத் தந்தார்: க்யூடியை, இரு ஆர் முனைகளுக்கு இடைப்பட்ட நேரத்தின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். வாய்பாடு எளிது, டி அலை எங்கே முடிகிறது என்பதே சிக்கல். 1952இல் லெப்பெஷ்கினும் சுராவிச்சும் அதைத்தான் எடுத்துக்கொண்டார்கள். டி அலையின் இறங்குமுகம் மிகச் செங்குத்தாக இருக்கும் இடத்தில் ஒரு தொடுகோடு வரைந்து, அது அடிக்கோட்டை வெட்டும் புள்ளியை டி அலையின் முடிவாகக் கொள்ளும் முறை அவர்களுடைய கட்டுரையால் பரவியது. இன்றும் கையால் அளப்பவர்களுக்கு அதுவே துணை. யூ அலை எதிலிருந்து வருகிறது என்பதில் இன்னும் ஒருமித்த முடிவு இல்லை; கீழறைச் சுவர் விரிவதால் உண்டாகும் மின்மாற்றமே காரணம் என்பது முன்வைக்கப்படும் விளக்கங்களில் ஒன்று.

மாதிரிப் பதிவுகளை எடுத்துக்கொள்வோம். தாள் நொடிக்கு 25 மில்லிமீட்டர் ஓடினால் ஒரு சிறு கட்டம் 0.04 நொடி. துடிப்பு நிமிடத்துக்கு 75 என்றால் இரு ஆர் முனைகளுக்கு இடையே 20 கட்டங்கள். இயல்பான பதிவில் க்யூஆர்எஸ் 2, எஸ்டி 3, டி அலை 4 என 9 கட்டங்கள், க்யூடி 0.36 நொடி, திருத்தினால் ஏறக்குறைய 0.40. தைராய்டு அறுவையில் பாராதைராய்டுச் சுரப்பிகள் பாதிக்கப்பட்டுக் கால்சியம் வெகுவாக இறங்கியவரின் பதிவில் எஸ்டி மட்டும் 6 கட்டங்களாக நீண்டு, மற்றவை அப்படியே இருக்கும். மொத்தம் 12 கட்டங்கள். திருத்திய க்யூடி 0.54. செல்லுக்குள் புகும் கால்சியமே தான் நுழையும் வாயிலை மூடச் செய்கிறது. வெளியே கால்சியம் குறைந்தால் வாயில் தாமதமாக மூடி, மின்னழுத்தத்தின் சமதளக் கட்டம் நீள்கிறது. எஸ்டி பகுதி அந்தக் கட்டத்தின் நிழல். இனி, சிறுநீர் பிரியும் மாத்திரையால் பொட்டாசியம் 2.5க்கு இறங்கியவரைப் பார்ப்போம். எஸ்டி சற்றே கீழிறங்கி, தட்டையான டி அலை 10ஆவது கட்டத்தில் முடிகிறது. அதன்பின் எழும் யூ அலை 15ஆவது கட்டத்தில் அடங்குகிறது. டி முடிவு வரை அளந்தால் திருத்திய மதிப்பு 0.45, யூ முடிவு வரை அளந்தால் 0.67. பதிவு ஒன்றே, எண்கள் இரண்டு.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. வெளியே பொட்டாசியம் குறைந்தால், செல்லிலிருந்து பொட்டாசியத்தை வெளியேற்றும் ஒரு முக்கிய வாயிலின் திறன் குன்றுகிறது. ஆகவே மின்னழுத்தம் உண்மையிலேயே நீள்கிறது, யூ அலையைத் தவிர்த்து அளப்பது ஆபத்தை மறைக்கும் என்பார்கள். நீள்கிறது என்பது உண்மைதான். மேலே 9 கட்டங்கள் 10 ஆனதும் அதனால்தான். ஆனால் 9 எங்கே, 15 எங்கே? ஆபத்தை மறைக்காமலிருக்க, க்யூடியைத் தனியாகவும் க்யூயூவைத் தனியாகவும் குறித்தால் போதும். பொட்டாசியம் மேலும் இறங்கி டியும் யூவும் ஒன்றோடொன்று கலந்துவிட்டால் பிரித்து அளக்க முடியாது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அப்போது மார்பின் வி2, வி3 பதிவுகளில் யூ பெரிதாகத் தெரியும், ஏவிஎல்லில் பெரும்பாலும் மங்கியிருக்கும். ஏவிஎல்லில் டி எங்கே முடிகிறது என்று பார்ப்பது உதவும். கருவியின் தானியங்கி அளவு இந்த இடத்தில் அடிக்கடி தவறுகிறது.

இரத்தப் பரிசோதனை இருக்கும்போது அலைகளை இவ்வளவு உற்றுப் பார்ப்பானேன் என்று கேட்கலாம். முடிவு வருவதற்கு முன்பே ஈசிஜி கையில் இருக்கிறது; அது இயல்பாக இருப்பதால் குறைவு இல்லை என்று ஆகிவிடாது என்றாலும், மாறியிருந்தால் எதைத் தேட வேண்டும் என்று சொல்கிறது. டோர்சாட் எனப்படும் சுழல் படபடப்பு பொட்டாசியக் குறைவில்தான் அதிகம் அஞ்சத்தக்கது. கால்சியக் குறைவில் அரிது. நீண்ட எஸ்டியும் தட்டையான டியும் யூவும் ஒரே பதிவில் சேர்ந்து தெரிந்தால் மக்னீசியத்தையும் சோதிக்க வேண்டும். மக்னீசியம் குறைந்தவருக்குச் சிறுநீரில் பொட்டாசியம் கசிந்துகொண்டே இருக்கும், பாராதைராய்டும் சரிவரச் சுரக்காது. அதை ஈடுசெய்யாமல் எவ்வளவு பொட்டாசியமும் கால்சியமும் ஏற்றினாலும் அளவு நிலைக்காது.