ஒரே ஊர், பல எழுத்து: எல்லைப்புற ஊர்ப்பெயர்களைப் பொருத்துவது குறித்து

பாலக்காடு, இடுக்கி ஆகிய இரு மாவட்டங்களின் கிழக்கு எல்லையில் உள்ள ஊர்களைப் பற்றி நூறாண்டுக் காலத் தரவுகளை ஒரே அட்டவணையில் சேர்க்க முனைபவர் முதலில் எதிர்கொள்வது ஊர்ப்பெயர்களின் எழுத்துக்கூட்டல் குழப்பம். இக்குழப்பத்திற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1947க்கு முன் இன்றைய பாலக்காட்டு நகரம் சென்னை மாகாணத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. அதன் கிழக்கே உள்ள சிற்றூர் கொச்சி அரசைச் சேர்ந்தது. தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரில் இருந்தன. மூன்று அரசுகள், மூன்று எழுத்தர் மரபுகள். ஊர்ப்பெயரைச் சொன்னவர் தமிழராகவோ மலையாளியாகவோ இருக்க, அதைக் கேட்டு ரோமன் எழுத்தில் பதிந்தவர் தம் காதுக்குப் பட்டபடி எழுதினார்.

இந்தப் பெயர்களைக் கணினி கொண்டு பொருத்த இரண்டு பழைய கருவிகள் வழக்கில் உள்ளன. ஒன்று, 1965இல் சோவியத் கணிதவியலாளர் லெவன்ஷ்டைன் வரையறுத்த திருத்தத் தொலைவு. ஒரு சொல்லை மற்றொன்றாக மாற்ற எத்தனை எழுத்துகளைச் சேர்க்கவோ நீக்கவோ மாற்றவோ வேண்டும் என்ற எண்ணிக்கையே அது. மற்றொன்று, அமெரிக்கரான ராபர்ட் ரஸ்ஸல் 1918இல் காப்புரிமை பெற்ற சவுண்டெக்ஸ் என்னும் ஒலிக்குறியீடு. முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, பின்வரும் மெய்களை ஆறு இனங்களாகப் பகுத்து எண்ணிட்டு, மொத்தம் நான்கு இடங்களில் நிறுத்திவிடும் முறை இது. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் குடும்பப் பெயர்களைத் தேடுவதற்குப் பெரிதும் பயன்பட்டது.

இவ்விரண்டும் நம் எல்லைப்புறத்தில் எப்படி நடந்துகொள்கின்றன என்பதைச் சில பெயர்களில் பார்ப்போம். `Palghat`, `Palakkad` ஆகியவை ஒரே நகரின் ஆங்கிலேயர் காலப் பெயரும் இன்றைய பெயரும். இவற்றின் திருத்தத் தொலைவு 4. எட்டெழுத்துச் சொல்லில் இது சரிபாதி. எந்த நிதானமான வரம்பு வைத்தாலும் இந்த இணை தப்பிவிடும். சவுண்டெக்ஸோ இரண்டிற்கும் `P423` என்றே தருகிறது. இது தற்செயல் அன்று. p-b, k-g, t-d ஆகிய இணைகளைச் சவுண்டெக்ஸ் ஒரே இனமாகக் கொள்கிறது. தமிழ் எழுத்தும் இவற்றைப் பிரித்துக் காட்டுவதில்லை. ஆகவே தமிழ் வாய்மொழியைக் கேட்டு எழுதியவர் எங்கே தடுமாறுவாரோ அங்கே சவுண்டெக்ஸ் கண்டும் காணாமல் விட்டுவிடுகிறது.

கொழிஞ்சாம்பாறையில் நிலைமை தலைகீழ். ழகரத்தை ஒருவர் zh என்றும் மற்றொருவர் l என்றும் எழுதினால் `Kozhinjampara`, `Kolinjampara` என்று இரு வடிவங்கள் கிடைக்கும். திருத்தத் தொலைவு வெறும் 2. ஆனால் சவுண்டெக்ஸ் முதலாவதற்கு `K252` என்றும் இரண்டாவதற்கு `K452` என்றும் தருகிறது. z என்பதை அது சகர இனத்தில் வைத்திருப்பதே காரணம். வாளையாரில் வேறொரு சிக்கல்: `Walayar` என்பது `W460`, `Valayar` என்பது `V460`. முதல் எழுத்தை மாற்றாமல் வைப்பது சவுண்டெக்ஸின் அடிப்படை விதி. நம் பதிவேடுகளிலோ W-V, C-K போன்ற தடுமாற்றங்கள் முதல் எழுத்திலேயே நிகழ்கின்றன.

கம்பத்தின் நிலை இவற்றினும் கடினமானது. இன்றைய தேனி மாவட்டத்துக் கம்பம் ஆங்கிலப் பதிவுகளில் `Cumbum`. அதற்கு நேர் மேலே, மலையேறியதும் எல்லையில் நிற்கும் கேரள ஊர் கம்பம்மெட்டு. `Kambam` என்பதற்கும் `Cumbum` என்பதற்கும் தொலைவு 3, ஆறெழுத்தில் பாதி. `Kambam` என்பதற்கும் `Kambammettu` என்பதற்கும் தொலைவு 5. நீளமான சொல் பதினோரெழுத்து என்பதால் விகிதம் 0.45. அதாவது, ஒரே ஊரின் இரு வடிவங்களைவிட இரண்டு வெவ்வேறு ஊர்களை அதிக நெருக்கம் உடையவை என்று இந்த அளவை சொல்கிறது. வரம்பை எங்கே வைத்தாலும் தீராத முரண் இது. சவுண்டெக்ஸும் உதவாது: `Kambam`, `Kambammettu` இரண்டும் `K515`, `Cumbum` மட்டும் `C515`. நான்காம் இடத்தில் நின்றுவிடுவதால் ‘மெட்டு’ என்ற பின்னொட்டு அதன் கண்ணில் படுவதே இல்லை.

எனவே இப்பகுதிக்கெனத் தனி ஒலிக்குறியீடு ஒன்றை அமைத்துக்கொள்வது நல்லது. அது நீளமானதாக இருக்க வேண்டியதில்லை:

```python
import re
RULES = [("zh","l"),("ch","s"),("sh","s"),("th","t"),
         ("gh","k"),("tr","t"),("w","v"),("c","k"),
         ("g","k"),("d","t"),("b","p"),("m","n")]

def code(s):
    s = s.lower()
    for a, b in RULES:
        s = s.replace(a, b)
    s = re.sub(r"(.)\1+", r"\1", s)
    return re.sub(r"[aeiouyh]", "", s)
```

விதிகள் ஒவ்வொன்றும் ஒரு எழுத்தர் பழக்கத்தைக் குறிப்பவை. மகரமும் னகரமும் ஒன்றாக்கப்படுவது, எருத்தேன்பதி போன்ற பெயர்களில் மெல்லினம் அடுத்த ஒலிக்கேற்பத் திரிவதால். tr என்பது t ஆவது றகர இரட்டிப்புக்காக. மலையாளத்தில் டகரம் போலவோ தகரம் போலவோ செவிமடுக்கப்படும் ‘ற்ற’, தமிழர் நாவில் tr என்று ஒலிக்கிறது. இந்தக் குறியீட்டில் பாலக்காட்டின் இரு வடிவங்களும் `plkt`. கொழிஞ்சாம்பாறையின் இரண்டும் `klnjnpr`. `Cumbum`, `Kambam` இரண்டும் `knpn`. கம்பம்மெட்டோ `knpnt` என்று பிரிந்து நிற்கிறது.

செயற்கூற்றின் கடைசி இரண்டு வரிகளின் வரிசையைக் கவனிக்க வேண்டும். முதலில் இரட்டித்த எழுத்துகளை ஒன்றாக்கி, அதன்பின் உயிர்களை நீக்குகிறோம். இதை மாற்றி முதலில் உயிர்களை நீக்கினால் என்ன ஆகும்? `Munnar` என்பது `nnnr` ஆகிப் பின் `nr` ஆகும். `Marayur` என்பது `nrr` ஆகிப் பின் அதுவும் `nr` ஆகும். இடையில் உயிர் நின்று பிரித்திருந்த இரண்டு மெய்கள், உயிர் போனதும் இரட்டிப்பு எனத் தவறாகக் கொள்ளப்படுகின்றன. சரியான வரிசையில் மூணாறு `nnr`, மறையூர் `nrr`.

இரண்டு வரிகள் இடம் மாறுவதால் வரலாற்றில் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். மறையூர் அஞ்சுநாட்டுப் பள்ளத்தாக்கில் உள்ள பழைய தமிழ் வேளாண் ஊர். மூணாறு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய தோட்டத்தொழிலால் வளர்ந்த நகரம். சமவெளியிலிருந்து வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்களால் நிறைந்தது. 1955இல் மாநிலச் சீரமைப்பு ஆணையம் தேவிகுளம், பீர்மேடு வட்டங்களைத் தமிழகத்துடன் சேர்க்கப் பரிந்துரைக்கவில்லை. தெற்கே தோவாளை முதலிய வட்டங்களை மட்டும் சேர்க்கச் சொன்னது. அங்குள்ள தமிழர்களில் எவர் நிலைகுடிகள், எவர் வேலைக்கு வந்துபோவோர் என்பது அன்றைய விவாதத்தின் முதன்மையான கேள்விகளில் ஒன்று. அந்தக் கேள்வியை ஊர்வாரித் தரவுகொண்டு மீண்டும் ஆராய்பவருக்கு மறையூரும் மூணாறும் ஒரே வரியில் கூடிவிட்டால், ஆராய வந்த வேறுபாடே அட்டவணையிலிருந்து மறைந்துபோகும். கம்பம்மெட்டு கம்பத்துடன் கலந்தாலும் அவ்வாறே: மலைமேல் குடியேறிய ஒருவர் ஊரைவிட்டு நகராதவராகக் கணக்கில் ஏறிவிடுவார்.

திருத்திய குறியீடும் முற்றுப்பெற்றதன்று. பாலக்காட்டு நென்மாறையை `Nemmara` என்று எழுதுவர். அதன் குறியீடு `nnr`. மூணாற்றின் குறியீடும் அதுவே. இங்கேதான் இரு கருவிகளும் ஒன்றையொன்று திருத்த வேண்டும். ஒலிக்குறியீட்டை முடிவு சொல்லப் பயன்படுத்தாமல், ஒப்பிடத்தக்க பெயர்களை ஒரு கூட்டமாகத் திரட்ட மட்டும் பயன்படுத்துவோம். கூட்டத்திற்குள் திருத்தத் தொலைவைக் கணக்கிட்டால் `Munnar`, `Nemmara` இடையே 5 என்று வருகிறது; ஏழெழுத்துச் சொல்லில் இது மிகப் பெரிது. பாலக்காட்டின் இரு வடிவங்களுக்கு விகிதம் 0.5, இந்த இணைக்கு 0.71. குறியீடு ஒத்த பெயர்களுக்குள் மட்டும் அளப்பதால் வரம்பைச் சற்றுத் தளர்த்தி வைக்க முடிகிறது. கம்பம்மெட்டு முதல் படியிலேயே விலகிவிட்டதால், அதன் பொருட்டு வரம்பை இறுக்க வேண்டிய தேவை இல்லை.

மூன்றாவது சான்றாக வட்டத்தின் பெயரைக் கொள்ளலாம். மாவட்டத்தின் பெயரைக் கொள்வது ஆபத்து. சிற்றூர் திருச்சூர் மாவட்டத்தில் இருந்து, 1957 ஜனவரி 1 அன்று பாலக்காடு மாவட்டம் உருவானபோது அதனுள் வந்தது. தேவிகுளமும் பீர்மேடும் உடும்பஞ்சோலையும் 1972 ஜனவரி 26 வரை கோட்டயம் மாவட்டம். கம்பத்தை உடைய தேனி, 1990களில்தான் மதுரையிலிருந்து பிரிந்தது. மாவட்டம் ஒத்தால்தான் பொருத்துவேன் என்று விதி வைத்தால், 1961க்கும் 1981க்கும் இடையே இடுக்கியின் ஊர்கள் பலவும் காணாமற்போய்ப் புதிதாய் முளைத்தவைபோல் தோன்றும். பொருத்தம் கிடைக்காத பெயர்கள் ஒரு குறிப்பிட்ட ஆண்டுக்குப்பின் மொத்தமாகக் கூடினால், பிழை எழுத்துக்கூட்டலில் இல்லை, எல்லைக்கோட்டில் இருக்கிறது என்று அறிந்துகொள்ளலாம்.

இறுதியாக, எந்தத் தொலைவும் எந்தக் குறியீடும் தீர்க்க இயலாத ஒரு வகை உண்டு. பாலக்காட்டில் ஒரு `Chittur`, ஆந்திரத்தில் ஒரு `Chittoor`. ரோமன் எழுத்தில் இவை ஒரே பெயரின் இரு கூட்டல்களாகவே தெரியும்; நம் குறியீடும் இரண்டிற்கும் `str` என்றே தரும். மலையாளத்தில் முன்னது ‘ற்ற’ இட்டு எழுதப்படுகிறது: சிற்றூர். தெலுங்கில் பின்னது தகர இரட்டிப்பு: சித்தூர். மூல மொழிகளின் எழுத்தில் தெளிவாக நின்ற வேறுபாட்டை ரோமன் எழுத்துதான் அழித்தது. அழிந்த ஒன்றை, எஞ்சியிருக்கும் எழுத்துகளை எண்ணிப் பார்த்து மீட்க முடியாது. அத்தகைய வரிகளைத் தனியே குறித்துவைத்து, மூலப் பதிவேட்டில் மலையாளத்திலோ தமிழிலோ அப்பெயர் எழுதப்பட்டிருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பதே வழி. ஆகவே தூய்மைப்படுத்திய அட்டவணையில் திருத்திய பெயரை மட்டும் வைக்காமல், பதிவேட்டில் இருந்த வடிவத்தையும் எழுத்து மாறாமல் பக்கத்து நிரலில் வைத்திருக்க வேண்டும். ஒரு பொருத்தம் தவறு என்று பின்னால் வருபவர் காட்டுவதற்கு அந்த நிரல் ஒன்றுதான் சான்று.