வீச்சை விழுங்குவதும் உடலை விழுங்குவதும்: பருத்தி விலை வரைபடங்களில் இரு அமைப்புகள்

ஒரு நாளின் உச்ச விலை முந்தைய நாளின் உச்சத்தைத் தாண்டி, அதே நாளின் தாழ்வு விலையும் முந்தைய தாழ்வுக்குக் கீழே போனால் அந்த நாளின் கோடு ‘அவுட்சைடு பார்’ எனப்படும். முந்தைய நாளின் முழு வீச்சும் அதற்குள் அடங்கிவிடும். ‘என்கல்ஃபிங்’ என்ற கேண்டில்ஸ்டிக் அமைப்பு உச்சத்தையும் தாழ்வையும் கணக்கில் கொள்வதில்லை. தொடக்க விலைக்கும் முடிவு விலைக்கும் இடைப்பட்ட ‘உடல்’ மட்டுமே அதற்குப் பொருட்டு. இரண்டாம் நாளின் உடல் முதல் நாளின் உடலை முழுதும் மூட வேண்டும். இரண்டும் எதிரெதிர் நிறமாக இருக்க வேண்டும். அதற்கு முன் ஒரு தெளிவான ஏற்றமோ இறக்கமோ இருந்திருக்க வேண்டும். திருப்பூர், கோவை வட்டாரத்தில் பருத்தி, நூல் விலையின் போக்கைப் பார்ப்பவர்களிடையே இவ்விரண்டும் ஒன்றின் இரு பெயர்களாகவே புழங்குகின்றன. இந்தக் குழப்பத்தின் வேர் ஒரு புகழ்பெற்ற நூலில் உள்ளது.

ஜப்பானிய கேண்டில்ஸ்டிக் முறையை ஆங்கில வாசகர்களிடம் பரவலாகக் கொண்டுசேர்த்தவர் ஸ்டீவ் நிசன். 1991-இல் வந்த அவரது முதல் நூல் என்கல்ஃபிங் அமைப்பை விளக்கும் இடத்தில், அதற்கு மிக நெருங்கிய மேலை நாட்டு இணை ‘ரிவர்சல் டே’ என்கிறது. ஏற்றத்தின்போது விலை புதிய உச்சத்தைத் தொட்டு, பின் இறங்கி, முந்தைய நாளின் முடிவு விலைக்குக் கீழே முடிவதே ரிவர்சல் டே. அந்த நாளில் கிடைக்காத எச்சரிக்கையை என்கல்ஃபிங் சில வேளைகளில் தந்துவிடும் என்றும் அவர் குறிப்பிடுகிறார். இரண்டும் வேறு என்பது அவருக்குத் தெரிந்தே இருந்தது. ஆனாலும் அவர் வேறுபாட்டை வேகம் பற்றியதாக மட்டுமே பார்த்தார்: ஒரே செய்தியை ஜப்பானிய முறை சற்று முன்னதாகச் சொல்கிறது என்பது அவர் வாசிப்பின் சாரம். பின்வந்த கையேடுகள் ‘நெருங்கிய இணை’ என்பதைப் பிடித்துக்கொண்டு, ரிவர்சல் டேயோடு அவுட்சைடு பாரையும் சேர்த்து மூன்றையும் ஒன்றாக்கின. அந்தப் பிழையை நிசன் தலையில் கட்ட முடியாது. அதற்கு இடம் கொடுத்த ஒப்புமை மட்டும் அவருடையது.

அந்த ஒப்புமை எங்கே உடைகிறது என்பதைக் காட்ட ஒரு கற்பனைக் கணக்கே போதும். பருத்தி ஒரு கேண்டி, அதாவது ஏறத்தாழ 356 கிலோ, தொடர்ந்து ஏறிவருகிறது என்று கொள்வோம். முதல் நாள் 55,000 ரூபாயில் தொடங்கி, 55,600 வரை ஏறி, 54,700 வரை இறங்கி, 55,400-இல் முடிகிறது. மறுநாள் 55,450-இல் தொடங்கி 54,950-இல் முடிகிறது. இடையில் தொட்ட உச்சம் 55,550, தாழ்வு 54,850. 55,000 முதல் 55,400 வரையிலான முதல் நாள் உடலை இரண்டாம் நாளின் உடல் இரு பக்கமும் மூடிவிட்டது. நிறமும் மாறிவிட்டது. நிசனின் இலக்கணப்படி இது குறையற்ற இறங்குமுக என்கல்ஃபிங்.

அதே நாளை வீச்சின் கண்கொண்டு பார்த்தால் கதை தலைகீழாகிறது. 55,550 என்பது முந்தைய உச்சத்துக்குக் கீழே. 54,850 என்பது முந்தைய தாழ்வுக்கு மேலே. முந்தைய நாளுக்குள்ளேயே முழுதும் அடங்கிய இந்தக் கோடு ‘இன்சைடு பார்’. அவுட்சைடு பாருக்கு நேர் எதிரான அமைப்பு. புதிய உச்சம் இல்லாததால் இது ரிவர்சல் டேயும் ஆகாது. ஒரே நாள், உடலால் விழுங்குகிறது, வீச்சால் விழுங்கப்படுகிறது. ஒன்று மற்றொன்றின் விரைவான வடிவம் என்றால் இப்படி நேருக்கு நேர் முரண்பட வாய்ப்பே இல்லை. பெரும்பாலான கையேடுகள் இந்த வகையை வரைந்து காட்டுவதில்லை. அவை எடுத்துக்காட்டாகத் தேர்ந்தெடுக்கும் படங்களில் உடலும் வீச்சும் சேர்ந்தே விழுங்குவதால், இரண்டும் ஒன்றுதான் என்ற தோற்றம் நிலைத்துவிட்டது.

மறுபக்கத்தையும் பார்க்கலாம். முதல் நாள் அதேதான். இரண்டாம் நாள் 55,300-இல் தொடங்கி, 55,900 வரை ஏறி, 54,500 வரை சரிந்து, 54,650-இல் முடிகிறது. முந்தைய வீச்சு முழுதும் விழுங்கப்பட்டது. முடிவு விலை முந்தைய தாழ்வுக்கும் கீழே. ஏற்றத்தை நம்பி முந்தைய உச்சத்துக்கு மேல் வாங்கியவரும் சிக்கினார், முந்தைய தாழ்வுக்குக் கீழ் ஸ்டாப்லாஸ் வைத்திருந்தவரும் வெளியேற்றப்பட்டார். விற்பனை அழுத்தம் என்று பார்த்தால் முன்னதைவிட இது பன்மடங்கு கடுமை. ஆனால் தொடக்க விலை முந்தைய முடிவுக்கு 100 ரூபாய் கீழே இருந்துவிட்டதால் இது என்கல்ஃபிங் ஆகாது.

வேறுபாட்டின் காரணம் அவரவர் கையில் இருந்த தரவில் உள்ளது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்க வரைபடக்காரர்கள் பெரும்பாலும் உச்சம், தாழ்வு, முடிவு ஆகிய மூன்றை வைத்தே கோடு போட்டார்கள். எட்வர்ட்ஸ், மகீ இருவரும் எழுதி 1948-இல் வந்த நூலின் தினக்கோடுகளும் இந்த மரபைச் சேர்ந்தவை. தொடக்க விலை இல்லாத கோட்டில் உடல் என்பதே இருக்க முடியாது. அங்கே பிறந்த இலக்கணம் வீச்சைப் பற்றியதாக அமைந்தது இயல்பு.

ஜப்பானியப் பக்கத்தின் காலவரிசை இவ்வளவு தெளிவில்லை. ஒசாக்காவின் தோஜிமா அரிசிச் சந்தை 1730-இல் அரசின் அங்கீகாரம் பெற்றது. சகாத்தா நகரத்து அரிசி வணிகர் ஹோம்மா முனேஹிசா (1724–1803) கேண்டில்ஸ்டிக் முறையை உருவாக்கினார் என்பது பரவலான கதை. வரைபட வடிவம் அவருக்கு வெகுகாலம் பின்பு, மெய்ஜி காலத்தின் தொடக்கத்தில், அதாவது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோன்றியிருக்கலாம் என்று நிசனே பின்னர் எழுதினார். தேதி எதுவாயினும், உடலை மையமாகக் கொண்ட ஒரு முறை, தொடக்க விலைக்குத் தனி மதிப்பிருந்த சந்தையில்தான் வளர்ந்திருக்க முடியும். இரவு முழுதும் மூடியிருந்து காலையில் கூடும் சந்தையில், முதல் விலை இடைப்பட்ட நேரத்துச் செய்திகள் அத்தனையையும் சுமந்து வருகிறது. முந்தைய முடிவுக்கு மேலே தொடங்கி முந்தைய தொடக்கத்துக்குக் கீழே முடிவது, அங்கே இரவின் நம்பிக்கை பகலில் பொய்த்த கதை. இதற்கு நேரடிச் சான்று காட்டுவது கடினம். என்றாலும் அமைப்பின் இலக்கணமே இதை உரக்கச் சொல்கிறது: இடைவெளி விட்டுத் தொடங்காத சந்தையில் என்கல்ஃபிங்கின் முதல் நிபந்தனைக்குப் பொருளே இல்லை.

நியூயார்க் பருத்தி இதைச் சோதிக்க ஏற்ற களம். திருப்பூருக்கு நூல் தரும் ஆலைகள் கவனிக்கும் உலக விலை அதுவே. அங்கே கூவி விற்கும் களம் 2008 பிப்ரவரி இறுதியோடு பருத்தி முன்பேர வணிகத்துக்கு மூடப்பட்டது. அதன்பின் எல்லாம் மின்னணு வணிகம். இப்போது வணிகம் இந்திய நேரப்படி காலையில் தொடங்கி ஏறக்குறைய நள்ளிரவு வரை நடக்கிறது. அதனால் பல நாள்களில் தொடக்க விலை முந்தைய முடிவை ஒட்டியே அமைகிறது. மேற்சொன்ன கணக்கில் தொடக்கம் 55,420 என்றால் என்கல்ஃபிங், 55,380 என்றால் இல்லை. 40 ரூபாய் வேறுபாட்டில் ஓர் அமைப்பு பிறப்பதும் இறப்பதும் சந்தையின் மனநிலையைப் பற்றி எதையும் சொல்வதில்லை. இதைச் சமாளிக்கத் தொடக்கம் முந்தைய முடிவுக்குச் சமமாக இருந்தாலும் போதும் என்று பலர் விதியைத் தளர்த்தினார்கள். தளர்த்திய பின் மிஞ்சுவது ஒரே நிபந்தனை: முடிவு விலை முந்தைய தொடக்கத்தைக் கடக்க வேண்டும். அவுட்சைடு பாரின் விதி இந்த மாற்றத்தால் தொடப்படவே இல்லை.

இந்தியப் பங்குச் சந்தையில் உடலின் இரு முனைகளும் விதிகளால் வரையறுக்கப்பட்டவை. தேசியப் பங்குச் சந்தையில் 2010 அக்டோபர் 18 முதல், தொடக்கத்தில் குறியீட்டுப் பங்குகளுக்கு, காலை 9 மணிக்கு முன்திறப்பு ஏல முறை வந்தது. தொடக்க விலை அந்த ஏலத்தில் நிர்ணயிக்கப்படுகிறது. முடிவு விலையாக அறிவிக்கப்படுவது கடைசி அரைமணி நேர வணிகத்தின் எடையிட்ட சராசரி. கடைசி வணிகத்தின் விலை வேறாக இருக்கலாம். ஆகவே கடைசி விலையை முடிவாகக் கொள்ளும் மென்பொருளும், சந்தை அறிவித்த முடிவைக் கொள்ளும் மென்பொருளும் ஒரே நாளுக்கு இரு உடல்களை வரையக்கூடும். அவிநாசியைத் தலைமையிடமாகக் கொண்டு 2016-இல் பட்டியலான எஸ்.பி. அப்பேரல்ஸ் போன்ற, வணிக அளவு குறைந்த பங்குகளில் கடைசி சில நிமிட வணிகமே இந்த வேறுபாட்டைப் பெரிதாக்கப் போதும். ஒரு திரையில் என்கல்ஃபிங் தெரிந்து இன்னொன்றில் தெரியாவிட்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான்.

வீச்சு மட்டும் மாசற்றதா என்றால் இல்லை. 2012 அக்டோபர் 5 அன்று ஒரு தரகு நிறுவனத்தின் தவறான ஆர்டர்களால் நிஃப்டி சில நொடிகளில் சுமார் 900 புள்ளிகள் சரிந்து 4,888.20-ஐத் தொட்டது, அன்றே மீண்டு 5,746.95-இல் முடிந்தது. அந்தத் தாழ்வு யாருடைய மதிப்பீடும் அல்ல. ஆனால் வீச்சின் இலக்கணம் அதை அப்படியே எடுத்துக்கொள்ளும். அடுத்த வணிக நாள் எப்படி நடந்திருந்தாலும் கீழ்ப்பக்கம் அதற்குள் அடங்கியே தீரும். உடலை மட்டும் பார்ப்பவருக்கு அந்த நாள் ஒரு சாதாரண இறக்க நாள். நீண்ட திரி ஒன்று கூடுதல், அவ்வளவே. இந்த ஓர் இடத்தில் நிசனின் பள்ளி வலுவாக நிற்கிறது.

அவுட்சைடு பாருக்கு இன்னொரு குறையும் உண்டு. உச்சம் முதலில் வந்ததா, தாழ்வு முதலில் வந்ததா என்பதைத் தினக்கோடு சொல்லாது. முந்தைய உச்சத்துக்கு மேல் வாங்கவும் தாழ்வுக்குக் கீழ் விற்கவும் ஆர்டர் வைப்பவருக்கு அதே நாளில் இரண்டும் நிறைவேறிவிடும். எது முதலில் என்பதை மணிநேர வரைபடத்தில்தான் காண வேண்டும். திசையைப் பொறுத்தவரையும் உறுதி கிடையாது. முந்தைய தாழ்வுக்குக் கீழே முடியும் அவுட்சைடு நாள், எதிர்பார்ப்புக்கு மாறாக, ஏற்றத்துக்கு முன்னோடியாக அமைவதுண்டு என்று அமெரிக்கக் குறியீட்டு முன்பேர வணிகத் தரவை வைத்து லாரி வில்லியம்ஸ் 1999-இல் வாதிட்டார். பருத்திக்கு அது பொருந்துமா என்பது தனி ஆய்வுக்குரியது.

திருப்பூரின் சொந்த விலையான பின்னலாடை நூல் விலையில் இவ்விரு அமைப்புகளையும் தேடுவது வீண். ஆலைகள் பெரும்பாலும் மாதத் தொடக்கத்தில் ஒரு விலையை அறிவிக்கின்றன. பனியன் கம்பெனிகள் அதில் வாங்குகின்றன. ஒற்றை எண்ணுக்கு உடலும் இல்லை, வீச்சும் இல்லை. 2022 மே மாதத்தில் நூல் விலை உயர்வை எதிர்த்துத் திருப்பூரில் உற்பத்தி நிறுத்தம் நடந்ததே, அந்த விலையேற்றம் வரைபடத்தில் படிப்படியான தாவல்களாக மட்டுமே தெரியும். கோடு வரைய வேண்டுமானால் பருத்தி முன்பேர வணிகத்துக்குத்தான் போக வேண்டும். அங்கும் எம்சிஎக்ஸ் பருத்தி ஒப்பந்தம் 2023 பிப்ரவரியில் திருத்தப்பட்டபோது, 170 கிலோ பேலுக்குச் சொல்லப்பட்ட விலை கேண்டி விலையாக மாறியது. அலகை மாற்றாமல் ஒட்டிய தொடர் வரைபடம் அந்த இடத்தில் விலை இரட்டிப்பானதாகக் காட்டும். ஒவ்வொரு ஒப்பந்தமும் முடிந்து அடுத்ததற்கு மாறும் நாளிலும் சிறிய அளவில் இதே கோளாறு நேரும்: பழைய ஒப்பந்தத்தின் முடிவு விலையும் புதியதின் தொடக்க விலையும் அருகருகே நின்று, நடக்காத ஓர் இடைவெளியை உண்டாக்கும். அந்த நாளில் தென்படும் என்கல்ஃபிங்கோ அவுட்சைடு பாரோ, புதிய ஒப்பந்தத்தின் தனி வரைபடத்திலும் அதே இரு நாள்களில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே கணக்கில் சேரும்.