மூழ்கிய சாய்வு மதகுக் கதவு: தொகுபயன் விசையும் செயற்கோடும்

நீரில் மூழ்கிய தட்டையான கதவின் மீது அழுத்தம் எங்கும் பலகைக்குச் செங்குத்தாகவே செயல்படுகிறது. ஆழத்தோடு சீராக ஏறுகிறது. ஆகவே பரப்பு மையத்திலுள்ள அழுத்தத்தைப் பரப்பால் பெருக்கினால் தொகுபயன் விசை கிடைக்கும். 2 மீ அகலமும் 3 மீ நீளமும் உள்ள செவ்வகக் கதவு கிடைமட்டத்துக்கு 30° சாய்ந்து, மேல் விளிம்பு 2 மீ ஆழத்தில் இருக்கிறது. மறுபுறம் காற்று மட்டுமே எனக் கொள்வோம். சரிவு வழியே அளந்தால் நீர்மட்டத்திலிருந்து மேல் விளிம்பு 4 மீ, மையம் 5.5 மீ. மையத்தின் ஆழம் இதில் பாதி, 2.75 மீ. விசை 9.81 × 2.75 × 6, அதாவது சுமார் 162 கிலோநியூட்டன்.

மையத்தின் அழுத்தத்தைக் கொண்டு கணக்கிட்ட விசை மையத்திலேயே செயல்பட வேண்டாமா என்று கேட்கலாம். கீழ்ப்பாதியில் அழுத்தம் மிகுதி என்பதால் செயற்கோடு மையத்துக்குக் கீழே இறங்குகிறது. செவ்வகத்துக்கு இந்த இறக்கம் L²/(12y). L கதவின் நீளம், y சரிவுவழி மையத் தொலைவு. இங்கே 9/66, சுமார் 0.136 மீ. இதைச் சிறிதென்று தள்ள முடியாது. மேல் விளிம்பில் கீல் இருந்தால், கதவின் எடையை விட்டுவிட்டாலும், மூடிப்பிடிக்கக் கீழ் விளிம்பில் 162 × 1.636 ÷ 3, சுமார் 88 கிலோநியூட்டன் வேண்டும். மையத்தை நம்பினால் 81 மட்டுமே வரும், கதவு திறந்துகொள்ளும். அதே கதவின் மேல் விளிம்பு 20 மீ ஆழத்தில் இருந்தால் இறக்கம் 2 செ.மீ.க்கும் குறைவு, அங்கே மட்டும் அதைப் புறக்கணிக்கலாம்.