வெயிலில் வைத்த பற்றறியும் பிரிட்ஜில் வைத்த பற்றறியும்

2022 மார்ச் கடைசியில் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்சாரம் வெட்டப்பட்டபோது நான் கொம்பனித்தெருவில் ஓர் அறையில் வாடகைக்கு இருந்தேன். ஒரு பின்னேரம் தண்ணீர் எடுக்க வீட்டுக்கார அன்ரியின் பிரிட்ஜைத் திறந்தேன். கதவுத் தட்டில், பட்டர் வைக்கும் இடத்தில், எட்டுப் பென் ரோச் பற்றறிகள் வரிசையாக இருந்தன.

"அதுல கை வைக்காதீங்க மகள். குளிர்ல வச்சா ரெண்டு மடங்கு நாள் வரும்" என்றார்.

எனக்கு உடனே அம்மாவின் நினைவு வந்தது. 1990 இல் யுத்தம் மறுபடி தொடங்கியபின் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரமும் இல்லை, பிரிட்ஜும் இல்லை. பற்றறி தடைசெய்யப்பட்ட பொருட்களில் ஒன்றாக இருந்தது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைச் சுற்றி, டைனமோவில் செய்தி கேட்ட காலம் அது. களைத்துப்போன பற்றறி கையில் இருந்தால் அதை முற்றத்து வெயிலில் காய வைப்பார்கள். வெயிலில் வைத்தால் அதற்கு உயிர் வரும் என்பது எங்கள் வீட்டு நம்பிக்கை.

ஒருவர் சூடு காட்டுகிறார், மற்றவர் குளிர் காட்டுகிறார். இருவர் சொல்வதிலும் ஒரு பகுதி உண்மை இருக்கிறது.

பற்றறிக்குள் மின்சாரம் தண்ணீர் போலச் சேமிக்கப்பட்டிருப்பதில்லை. நாம் வழமையாக வாங்கும் பற்றறியில் நாகமும் மங்கனீசு ஈரொட்சைட்டும் இருக்கின்றன. ரோச்சைப் போட்டதும் இவை இரசாயன மாற்றம் அடைவதால்தான் மின்சாரம் வருகிறது. பற்றறி சும்மா கிடக்கும்போதும் உள்ளே நாகம் மிக மெதுவாக அரிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். அந்த அரிப்பில் மின்சாரம் வெளியே வராது, ஐதரசன் வாயு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக உருவாகும். இந்த வீண் இழப்பைத்தான் தன்னிறக்கம் என்கிறோம்.

வெப்பம் கூடினால் இரண்டு மாற்றங்களும் விரைவுபடும், குறைந்தால் இரண்டும் மந்தமாகும். அம்மா வெயிலில் வைத்த பற்றறிக்குப் புதிதாக ஒன்றும் ஏறவில்லை. ஓய்வும் சூடும் கிடைத்ததால் உள்ளே தேங்கியிருந்த பொருட்கள் பரவி, மின்சாரம் செல்வதற்கான தடை குறைந்தது. அதனால் எடுக்க முடியாமல் மிஞ்சிக் கிடந்த கடைசிப் பங்கில் கொஞ்சத்தை எடுக்க முடிந்தது. கையில் வேறு பற்றறி இல்லாத காலத்தில் அது பெரிய உதவிதான். ஆனால் புதுப் பற்றறியை வெயிலில் வைத்தால் வீண் இழப்புத்தான் கூடும்.

அன்ரியின் குளிரும் அந்த வீண் இழப்பைக் குறைக்கத்தான் செய்கிறது. கேள்வி, எவ்வளவு குறைக்கிறது என்பதுதான். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

இன்று கடையில் கிடைக்கும் அல்கலைன் பற்றறி 20 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 முதல் 3 வீதம் வரை இழக்கும். 3 என்றே வைத்துக்கொள்வோம். வெப்பநிலை 10 பாகை கூடும்போது இழப்பு ஏறக்குறைய இரட்டிக்கும், 10 பாகை குறையும்போது பாதியாகும் என்பது இரசாயனத்தில் கையாளும் பொது அளவு. கொழும்பு வீட்டு அலுமாரி 28 பாகை என்றால் அங்கே ஆண்டு இழப்பு 5 வீதம் அளவில் வரும். 5 பாகையில் உள்ள பிரிட்ஜில் 1 வீதம் அளவில் வரும். ஒரு முழு ஆண்டு வைத்திருந்தாலும் மிச்சம் 4 வீதம். புதுப் பற்றறியில் 20 மணி நேரம் எரியும் ரோச்லைற்றுக்கு அது 48 நிமிடம். இரண்டு மடங்கு என்பதற்கும் இதற்கும் வெகுதூரம். இரவில் ரோச்சை அணைக்க மறந்து ஒரு மணி நேரம் விட்டால் அந்த ஆண்டுச் சேமிப்பு முழுவதும் போய்விடும்.

அப்படியானால் இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது? பழைய நாகம்-காபன் பற்றறிகளில் இழப்பு இதைவிடப் பல மடங்கு அதிகம். அவை கடையில் கிடந்தே வலுவிழக்கும். அந்தக் காலத்தில் குளிரில் வைப்பது அர்த்தமுள்ள வேலை. பற்றறி மாறிவிட்டது, பழக்கம் மாறவில்லை.

அந்த 48 நிமிடத்துக்காகக் கொழும்பில் கொடுக்க வேண்டிய விலை ஈரம். அன்ரியைக் கேட்டு ஒரு பற்றறியை எடுத்து மேசையில் வைத்தேன். தேநீர் ஊற்றி முடிப்பதற்குள் அதன் உடம்பு முழுவதும் வியர்த்திருந்தது. பேரை வாவிப் பக்கத்துக் காற்றில் அவ்வளவு ஈரம். 5 பாகையில் இருக்கும் உலோகத்தைத் தொட்டதும் அது நீராகப் படியும். அந்த நீர் முனைகளைத் துருப்பிடிக்க வைக்கும், மேலுறைக்கும் அடைப்புக்கும் கேடு செய்யும். பற்றறியை வியர்வையோடு ரோச்சுக்குள் போட்டால் உள்ளே இருக்கும் சுருள்வில்லும் துருப்பிடிக்கும். எனர்ஜைசர், டியூராசெல் ஆகிய இரண்டு நிறுவனங்களுமே பிரிட்ஜில் வைக்க வேண்டாம் என்றுதான் சொல்கின்றன.

மின்வெட்டுக் காலத்தில் இது இன்னும் மோசம். பல மணி நேரம் நின்ற பிரிட்ஜ் உள்ளே சூடாகும், மின்சாரம் வந்ததும் குளிரும். இடையில் கதவைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் ஈரக் காற்று உள்ளே போகும். குளிர்ந்த பற்றறியை எடுத்த உடனே போட்டால் ஒளியும் மங்கலாக இருக்கும், ஏனென்றால் குளிர் பயனுள்ள மாற்றத்தையும் மந்தமாக்குகிறது. பழுது என்று நினைத்து நல்ல பற்றறியை எறிந்துவிடுவோம்.

குளிர் உண்மையாகவே உதவும் இடம் ஒன்று உண்டு. திரும்பச் சார்ஜ் செய்யும் நிக்கல் பற்றறிகளில் பழைய வகை, சார்ஜ் செய்த முதல் நாளிலேயே பத்து வீதம் அளவுக்கு இழக்கும், பிறகும் நாளாந்தம் இழந்துகொண்டே இருக்கும். என் ஒலிப்பதிவுக் கருவிக்கு அதைத்தான் பாவித்தேன். இரண்டு மாதம் பையில் கிடந்ததை நம்பி ஒரு பேட்டிக்குப் போய், கருவி இயங்காமல் கையால் எழுதிக்கொண்டு வந்தேன். இந்த வகைக்குக் குளிர் கணிசமாக உதவும். ஆனாலும் எளிய தீர்வு, போவதற்கு முதல் நாள் இரவு சார்ஜ் செய்வது. அல்லது 2005 இல் சன்யோ கொண்டுவந்த எனலூப் போன்ற, தன்னிறக்கம் குறைந்த வகையை வாங்குவது. அது ஒரு வருடம் கிடந்தாலும் பெரும்பங்கு அப்படியே இருக்கும்.

அப்படியும் பிரிட்ஜில் வைத்தே ஆகவேண்டும் என்றால் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். முதல் நாள் இரவே டப்பாவோடு வெளியே எடுத்து, அறை வெப்பத்துக்கு வந்தபிறகுதான் திறக்க வேண்டும். பிரீசரில் வைக்கவே வேண்டாம்.

மற்றப்படி பற்றறிக்கு ஏற்ற இடம் அடுப்புக்கும் ஜன்னல் வெயிலுக்கும் தள்ளியிருக்கும் ஓர் அலுமாரித் தட்டு. பிரிட்ஜின் மேல் வேண்டாம், அங்கே சூடு. அவசரத்துக்கென்று வைத்திருக்கும் ரோச்சுக்குள் பற்றறியை விட்டுவிடாதீர்கள், பக்கத்தில் வையுங்கள். ரோச்சைக் கொல்வது பெரும்பாலும் தன்னிறக்கம் அல்ல, உள்ளேயே விட்ட பற்றறியின் கசிவு. முனையில் வெள்ளைத் தூள் கண்டால் அது கசிந்த காரம். வெறுங்கையால் தொடாமல் பற்றறியை அகற்றி, தேசிக்காய்ச் சாறு தொட்ட துணியால் துடைத்து, நன்றாகக் காயவிட வேண்டும். எவ்வளவு மிச்சம் என்று அறிய மல்ரிமீற்றர் போதும். புது அல்கலைன் 1.5 வோல்ற்றுக்கு மேல் காட்டும், 1.1 க்குக் கீழே போனால் அநேகமாக முடிந்துவிட்டது.

கணக்கைக் கேட்டுவிட்டு அன்ரி எட்டையும் துடைத்து அலுமாரிக்கு மாற்றினார். மூன்றின் முனைகளில் ஏற்கனவே துரு இருந்தது.