வரி பிந்தினால் வட்டி ஏன், தண்டப்பணம் ஏன்? பதினைந்தாம் நாளில் மாறும் கணக்கு

உள்நாட்டு இறைவரித் திணைக்களத்திலிருந்து வரும் அறிவித்தலைக் கையில் எடுக்கும் சிறு வியாபாரி ஒருவர், அதில் மூன்று தொகைகளைக் காண்பார். முதலாவது அவர் கட்டவேண்டிய வரி. இரண்டாவது வட்டி. மூன்றாவது தண்டப்பணம். பின்னைய இரண்டையும் பலர் ஒன்றாகச் சேர்த்து "குற்றக்காசு" என்று சொல்லிவிடுகின்றனர். ஆனால் சட்டம் அவற்றை வேறு வேறாக வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. அந்தக் காரணம் விளங்கினால், கையில் காசு குறைவாக இருக்கும் மாதத்தில் எதை முதலில் செய்யவேண்டும் என்பதும் விளங்கும்.

இலங்கையில் வருமான வரி, 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின் கீழ் அறவிடப்படுகிறது. வரி ஆண்டு ஏப்ரல் 1இல் தொடங்கி மார்ச் 31இல் முடிகிறது. வியாபாரம் செய்பவர் ஓகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15 ஆகிய திகதிகளில் நான்கு தவணைகளைச் செலுத்தவேண்டும். மிஞ்சியிருக்கும் நிலுவைக்கு இறுதி நாள் செப்டெம்பர் 30.

இரண்டு தொகைகள், இரண்டு கேள்விகள்

வட்டி கேட்கும் கேள்வி, "அரசுக்குச் சேரவேண்டிய பணம் எவ்வளவு காலம் உங்களிடம் இருந்தது?" என்பது மட்டுமே. ஏன் பிந்தியது, யார் பிழை என்பதெல்லாம் அதற்குத் தேவையில்லை. அந்தக் காலத்தில் அரசு வேறெங்கோ கடன் வாங்கிச் செலவை நடத்தியிருக்கும். அந்த இழப்பை ஈடுசெய்வதே வட்டி. ஆகவே அது நாளோடு வளரவேண்டும். சந்தையில் பணத்துக்கு இருக்கும் விலையை ஒட்டியிருக்கவேண்டும். இங்கே அது மாதத்துக்கு, அல்லது மாதத்தின் ஒரு பகுதிக்கு, 1.5 வீதம்.

தண்டப்பணம் கேட்கும் கேள்வி வேறு: "நீங்களும் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் மற்றவர்களும் அடுத்தமுறை நேரத்துக்குக் கட்டுவீர்களா?" இது இழப்பை ஈடுசெய்வதல்ல, பிந்துவதைத் தடுப்பது. எனவே இழப்பின் அளவுக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. இறுதித் திகதியிலிருந்து 14 நாட்களுக்குள் வரி கட்டப்படாவிட்டால், கட்டப்படாத தொகையில் 20 வீதம் தண்டப்பணம் என்கிறது சட்டம். தவணைக் கட்டணம் பிந்தினால் அது 10 வீதம்.

ஒரு கடையின் கணக்கு

கிளிநொச்சியில் கட்டடப் பொருட்கள் விற்கும் கடை ஒன்றை எடுத்துக்கொள்வோம். கணக்குக்காக மட்டும் சொல்லும் கற்பனைக் கடை இது. நான்கு தவணைகளும் போக, செப்டெம்பர் 30இல் கட்டவேண்டிய நிலுவை 200,000 ரூபா. வீடு கட்டுபவர்களுக்குக் கடனாகக் கொடுத்த சீமெந்துக் காசு திரும்பி வரவில்லை. செப்டெம்பர் 30 கடந்துவிடுகிறது.

அவர் ஒக்ரோபர் 10இல் கட்டினால், பத்து நாட்களும் ஒரு மாதத்தின் பகுதியாகக் கொள்ளப்படும். வட்டி 3,000 ரூபா. 14 நாட்கள் முடியாததால் தண்டப்பணம் இல்லை.

அவர் ஒக்ரோபர் 20இல் கட்டினால், வட்டி அதே 3,000 ரூபாதான். ஆனால் 20 வீதத் தண்டப்பணமாக 40,000 ரூபா சேர்கிறது. மொத்தம் 43,000. இடையில் கடந்தது பத்தே நாட்கள்.

அவர் அடுத்த மார்ச் 31வரை கட்டாமல் இருந்தால், வட்டிக்கு வட்டி சேர்க்காமல் பார்த்தாலும் ஆறு மாத வட்டி 18,000 ரூபா. தண்டப்பணம் அதே 40,000. மொத்தம் 58,000.

இந்த மூன்று கணக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று தெரியும். மீற்றர் வட்டிக்காரர்கூட ஒரே இரவில் நூற்றுக்கு இருபது கேட்கமாட்டார். அதாவது அந்த 40,000 ரூபாவை எந்த வகையிலும் "காசு பிந்தியதற்கான ஈடு" என்று சொல்லமுடியாது. அது முழுக்க முழுக்க அச்சுறுத்தலின் விலை.

தடுப்பு எங்கே பிழைக்கிறது

அச்சுறுத்தல் வேலை செய்வது பதினான்காம் நாள்வரைதான். அதுவரை கடைக்காரருக்குக் காசைத் தேட வலுவான காரணம் இருக்கிறது. நகையை அடகு வைத்து மாதம் 2 வீத வட்டிக்கு 200,000 ரூபா எடுத்தால், மாதவட்டி 4,000 ரூபா. அந்த வட்டி 40,000 ஆவதற்குப் பத்து மாதங்கள் செல்லும். ஆகவே பதினான்காம் நாளுக்குள் அடகு வைத்தாவது கட்டுவது அவருக்கு இலாபம்.

பதினைந்தாம் நாள் விடிந்ததும் கணக்குத் தலைகீழாகிறது. 40,000 ரூபா ஏற்கெனவே விழுந்துவிட்டது. இனிமேல் ஒவ்வொரு மாதமும் பிந்துவதற்கு அவர் கொடுக்கும் விலை 3,000 ரூபா மட்டுமே. அடகு வட்டியோ 4,000. இப்போது அவர் அவசரப்படுவதற்குக் காரணம் இல்லை. நேற்றுவரை விரட்டிய சட்டம், இன்றிலிருந்து அவருக்குக் கடைத்தெருவைவிட மலிவான கடனைக் கொடுக்கிறது. ஒரேயடியாக விழும் தண்டப்பணத்தின் பெரிய குறை இதுதான்.

இன்னொரு குறையும் உண்டு. தண்டப்பணம் ஏன் இழப்பைவிடப் பெரிதாக இருக்கவேண்டும் என்பதற்குப் பொருளியலாளர்கள் சொல்லும் முக்கிய காரணம், பிடிபடும் வாய்ப்புக் குறைவு என்பதாகும். வருமானத்தை மறைப்பவர்களில் சிலரே அகப்படுவர். அகப்படுபவரின் தண்டம் பெரிதாக இருந்தால்தான் மற்றவர்கள் அஞ்சுவர். ஆனால் தன் வருமானத்தைத் தானே அறிவித்து, காசு மட்டும் பிந்தியவர் எதையும் மறைக்கவில்லை. அவரது நிலுவை திணைக்களத்தின் கணக்கில் அப்படியே தெரிகிறது. அவரைப் பொறுத்தவரை பிடிபடும் வாய்ப்பு நூறு வீதம். சந்தை வட்டியைவிடச் சற்று அதிகமான ஒரு விலையே அவரைத் தடுக்கப் போதும்.

கவனயீனத்தாலோ மோசடியாலோ வரியைக் குறைத்துக் காட்டியவருக்கு அதே சட்டம் விதிக்கும் தண்டப்பணம் குறைத்த தொகையில் 25 வீதத்தில் தொடங்குகிறது. குறைத்த தொகை பெரிதானால் அது 75 வீதமாகும். பெரிய மோசடிக்கு இருக்கும் 75 வீதம் தடுப்பின் தர்க்கத்துக்குப் பொருந்துகிறது. ஆனால் உண்மையைச் சொல்லிப் பிந்தியவரின் 20 வீதத்துக்கும், குறைத்துக் காட்டியவரின் 25 வீதத்துக்கும் இடையிலுள்ள தூரம் மிகச் சிறியது.

2022 காட்டிய பாடம்

வட்டியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. மாதம் 1.5 வீதம் என்றால் ஆண்டுக்கு 18 வீதம். இது சட்டத்தில் எழுதப்பட்ட நிலையான எண். நாட்டின் வட்டி வீதங்களோடு ஏறி இறங்குவதில்லை.

2021இன் முதற் பாதியில் வங்கிகள் தமது மிகச் சிறந்த வாடிக்கையாளர்களுக்கு ஏறத்தாழ 6 வீதத்துக்குக் கடன் கொடுத்தன. அப்போது 18 வீதம் என்பது ஈடு அல்ல; அதனுள்ளேயே ஒரு தண்டம் ஒளிந்திருந்தது. 2022இன் இறுதியில் நிலைமை எதிர்மாறானது. பணவீக்கம் அந்த ஆண்டு செப்டெம்பரில் 70 வீதத்தை அண்மித்தது. வங்கிகளின் சிறந்த வாடிக்கையாளர்களுக்கான வீதமே 25 வீதத்தைத் தாண்டியது. அப்போது வரியைப் பிந்திக் கட்டுபவர் அரசுக்கு இழப்பை ஈடுசெய்யவில்லை. வங்கியைவிட மலிவாக அரசிடமிருந்து கடன் எடுத்தவரானார். 20 வீதத் தண்டப்பணம் ஒன்றே அவரைத் தடுத்து நின்றது. இன்று வட்டி வீதங்கள் மீண்டும் இறங்கிவிட்டன. 18 வீதம் மறுபடியும் ஈட்டின் எல்லையைத் தாண்டி நிற்கிறது.

எங்கள் உறவுகள் பலர் கடை வைத்து நடத்தும் பிரித்தானியாவில் இந்த இரண்டையும் வேறு விதமாக அமைத்திருக்கிறார்கள். அங்கே பிந்திய வரிக்கான வட்டி, இங்கிலாந்து வங்கியின் அடிப்படை வீதத்தோடு கட்டப்பட்டுள்ளது. 2025 ஏப்ரல் 6 முதல் அந்த வீதத்துக்கு மேலே 4 சதவீதப் புள்ளிகள். சந்தை ஏறினால் இதுவும் ஏறும், இறங்கினால் இறங்கும். சுயமாக வருமானத்தை அறிவிப்பவர்களுக்கான வழமையான தண்டப்பணம் படிப்படியாக விழுகிறது: 30 நாட்கள் பிந்தினால் 5 வீதம், ஆறு மாதமானால் இன்னொரு 5, பன்னிரண்டு மாதமானால் மேலும் ஒரு 5. முதற்படியைத் தவறவிட்டவருக்கும் அடுத்த படிக்கு முன் கட்டுவதற்குக் காரணம் மிஞ்சுகிறது. நியாயமான காரணம் காட்டினால் தண்டப்பணம் நீக்கப்படலாம், வட்டி நீங்காது. தடுப்பு ஆளின் நிலையைக் கேட்கிறது, ஈடு கேட்பதில்லை என்ற வேறுபாடு அங்கே தெளிவாகத் தெரிகிறது.

கையில் காசு குறைந்தவர் செய்யக்கூடியது

இங்குள்ள சட்டம் இப்படி இருக்கும்வரை, அதன் அமைப்பை அறிந்து நடப்பதே வழி. முதலாவது, பதினான்கு நாட்களை நினைவில் வைத்திருப்பது. தண்டப்பணம் கட்டப்படாத தொகைக்கே விழுவதால், முழுத்தொகையும் சேரும்வரை காத்திருப்பது பிழை. மேலே சொன்ன கடைக்காரர் ஒக்ரோபர் 14க்குள் 150,000 ரூபாவைக் கட்டி, மிகுதி 50,000ஐ ஒக்ரோபர் 20இல் கட்டினால் தண்டப்பணம் 10,000 ரூபா. வட்டி 3,000ஐயும் சேர்த்து 13,000. முழுவதையும் 20ஆம் திகதி கட்டினால் 43,000.

இரண்டாவது, காசு இல்லை என்பதற்காக வருமான விவரத்திரட்டைப் பிந்தவிடாதிருப்பது. அதன் இறுதி நாள் நவம்பர் 30. அதைப் பிந்திச் சமர்ப்பிப்பதற்குத் தனியான தண்டப்பணம் உண்டு; அது குறைந்தது 50,000 ரூபாவில் தொடங்குகிறது. வரி கட்ட முடியாமல் போவது ஒரு பிரச்சினை. அதை அறிவிக்காமல் விடுவது அதற்கு மேல் இன்னொரு பிரச்சினை.

மூன்றாவது, கட்டமுடியாது என்று முன்கூட்டியே தெரிந்தால், இறுதி நாளுக்கு முன்னரே காரணத்தைக் குறிப்பிட்டு, கால நீடிப்புக் கோரி ஆணையாளர் நாயகத்துக்கு எழுத்தில் விண்ணப்பிப்பது. கடிதத்தின் பிரதியையும், கையளித்த திகதிக்கான அத்தாட்சியையும் வைத்திருக்கவேண்டும். நீடிப்புக் கிடைத்தாலும் வட்டி நிற்கும் என்று எண்ணக்கூடாது. அரசின் பணம் எங்களிடம் இருக்கும் காலத்துக்கு வட்டி ஓடும். ஆனால் பிந்தியதற்கான காரணத்தைச் சொல்ல இடமிருப்பது தண்டப்பணத்தில்தான். அதையும் பதினைந்தாம் நாளுக்கு முன் சொன்னால்தான் பயன்.