கயிற்றை அழித்த கணினி

திரையில் ஒருவன் மாடியிலிருந்து பறந்துபோய் எதிர்க்கட்டடத்தின் கண்ணாடியை உடைத்தால், பக்கத்து இருக்கையிலிருந்து "எல்லாம் கிராபிக்ஸ்" என்று ஒரு குரல் எழுவது வழக்கம். நாமும் சொல்லியிருக்கிறோம். கணினி வந்தபின் ஸ்டண்ட் கலைஞர்களுக்கு வேலை குறைந்துவிட்டது என்ற எண்ணம் அந்தச் சொல்லுக்குள் ஒளிந்திருக்கிறது. ஆனால் சாகசக் காட்சிக்குக் கணினி செய்த பெரிய உதவிகளுள் ஒன்று, எதையும் வரைந்து சேர்த்தது அல்ல. ஒரு கயிற்றை அழித்தது.

கணினிக்கு முன்பு, ஆளைத் தாங்கும் கம்பி கேமராவுக்குத் தெரியாத அளவு மெல்லியதாக இருக்க வேண்டியிருந்தது. பின்னணியின் நிறத்தைப் பூசுவார்கள், ஒளி பட்டு மின்னாத கோணம் தேடுவார்கள். இதில் ஒரு கொடிய கணக்கு உண்டு. கம்பியின் வலிமை அதன் குறுக்குப்பரப்பைப் பொறுத்தது; தடிமனைப் பாதியாக்கினால் வலிமை கால்பங்காகிவிடும். விழுந்துகொண்டிருப்பவரைச் சட்டென்று நிறுத்தும்போது கம்பி தாங்குவது அவருடைய எடையை மட்டுமன்று, அதைப்போலப் பல மடங்கை. எங்கோ ஓரிடத்தில் மடிந்த கம்பி அந்த இடத்திலேயே அறும். ஒளிப்பதிவாளர் மெல்லியது கேட்பார், ஸ்டண்ட் மாஸ்டர் தடித்தது கேட்பார். நடுவே தொங்குவது ஓர் உயிர்.

1991இல் வெளியான 'டெர்மினேட்டர் 2' படத்தில், மோட்டார் சைக்கிள் ஒன்று மேலிருந்து கான்கிரீட் கால்வாய்க்குள் பாய்கிறது. வண்டியும் ஓட்டுநரும் தடித்த வடங்களில் தொங்கியபடிதான் இறங்கினார்கள். படம்பிடித்தபின் வடங்களைக் கணினியில் அழித்தார்கள். அந்தப் படத்தின் உருகும் உலோக மனிதனைப் பற்றி எழுதாதவர் இல்லை. இந்த வடங்களைப் பற்றிப் பேசியவர் குறைவு. கம்பியின் தடிமனை இனிக் கேமரா தீர்மானிக்க வேண்டியதில்லை என்ற செய்தி அதில்தான் இருந்தது.

இந்த மாற்றத்தை ஒரே மனிதரின் வாழ்க்கையில் காணலாம். ஆஸ்திரேலியரான கை நோரிஸ், 1981இல் வந்த 'மேட் மேக்ஸ் 2' படத்தில் மோட்டார் சைக்கிளோடு மோதித் தூக்கியெறியப்படும் காட்சியில் கணக்குத் தவறிக் காற்றில் சுழன்று விழுந்தார். கால் முறிந்தது. அந்தக் காட்சி அப்படியே படத்தில் இருக்கிறது. அதே இயக்குநர் ஜார்ஜ் மில்லர் 2012இல் நமீபியப் பாலைவனத்தில் 'ஃபியூரி ரோட்' படத்தை எடுத்தபோது, ஸ்டண்ட் பொறுப்பு நோரிஸிடம். காட்சி விளைவுகளின் பொறுப்பு ஆண்ட்ரூ ஜாக்சனிடம்.

அதில் ஓடும் வண்டிகளின்மேல் நட்ட நீண்ட கம்பங்களின் உச்சியில் ஆட்கள் ஊசலாடி, பக்கத்து வண்டிக்குள் இறங்குவார்கள். இதை ஓடும் வண்டியில் செய்வது முடியாது, நிற்கும் வண்டியில் எடுத்துப் பின்னர் கணினியில் இணைக்கலாம் என்றே மில்லர் எண்ணியிருந்தார். நோரிஸ் குழுவோ கம்பத்தின் அடியில் எடை கட்டிச் சமன்செய்தது. மேலே இருப்பவரின் எடைக்குக் கீழே உள்ள எடை ஈடுகொடுப்பதால், கம்பம் துள்ளாமல் பழைய சங்கீத மெட்ரோனோம் போல நிதானமாகச் சாயும். ஓடும் வண்டிகளில் ஒத்திகை நடத்திப் படமாக்கி இயக்குநரிடம் காட்டினார்கள். திட்டம் மாறியது. கணினியின் வேலை, அங்கே பாதுகாப்புக் கயிறுகளையும் தாங்குசட்டங்களையும் மறைப்பது.

மறைப்பது என்பது ரப்பரால் தேய்ப்பதன்று. கயிற்றை எடுத்தால் அந்த இடத்தில் ஓட்டை விழும். அதன் பின்னால் இருந்ததைக் கொண்டு நிரப்ப வேண்டும். அதனால்தான் காட்சி முடிந்ததும் ஆளில்லாத அதே இடத்தை அதே கோணத்தில் மீண்டும் ஒருமுறை எடுத்துவைப்பது வழக்கம். நின்ற கேமராவுக்கு இது எளிது. ஓடும் வண்டியில், பறக்கும் புழுதியில், இரண்டு முறை ஒரே பின்னணி கிடைக்காது. அப்போது முன்பின் சட்டங்களிலிருந்து துணுக்குகளை எடுத்து, நொடிக்கு 24 சட்டங்கள் வீதம் ஒவ்வொன்றாக ஒட்ட வேண்டும். அவசரமாகச் செய்தால், புழுதியின் நடுவே ஒரு கோடு மட்டும் அசையாமல் நிற்கும், அல்லது வழுவழுவென்று தெரியும். ஆகவே கயிறு முகத்துக்குக் குறுக்கே வராமல் எங்கே கட்டுவது என்பதைப் படப்பிடிப்புக்கு முன்பே இரு குழுவினரும் சேர்ந்து பேசிவிடுகிறார்கள்.

இத்தனைக்குப் பிறகும் கணினியால் எளிதில் அழிக்க முடியாத ஒன்று உண்டு: கயிறு உடம்பில் விட்ட தடயம். நம் ஸ்டுடியோக்களில் 'ரோப்' என்று சொல்லும் அந்தக் கயிற்றில் தொங்குபவரின் எடை இடுப்பில் குவிகிறது. உடம்பு அங்கேயே அச்சாகச் சுழலும், கால்கள் சற்றுப் பின்தங்கி வரும், சட்டை ஓரிடத்தில் கூம்பாக இழுபடும். உண்மையில் விழுபவர் போகப்போக வேகம் கொள்வார். கயிற்றில் இறங்குபவர் சீராக வருவார். இதைச் சரிசெய்வது கணினி முன் அமர்ந்திருப்பவரன்று. கயிற்றின் மறுமுனையைப் பிடித்து, எந்தக் கணத்தில் எவ்வளவு விடுவது என்று கைப்பழக்கத்தால் அறிந்தவர்கள்தான். அவர்களும் சட்டத்துக்கு வெளியேதான் நிற்கிறார்கள்.