குருமடச் சேர்க்கை ஒத்திவைப்புக் கடிதம்

குருமடத்திலோ துறவற இல்லத்திலோ சேர இடம் பெற்ற ஒருவர், தவிர்க்க முடியாத குடும்பக் கடமையைக் காட்டி, சேரும் நாளை ஓராண்டு தள்ளிவைக்குமாறு எழுத்து மூலம் கேட்பதே சேர்க்கை ஒத்திவைப்புக் கடிதம். கத்தோலிக்கத் திருச்சபையில் இது விலகல் கடிதத்திலிருந்து வேறுபட்டது. விலகுபவர் அழைத்தலைக் கைவிடுகிறார். ஒத்திவைக்கக் கேட்பவர் குறித்த காலத்தில் திரும்பி வர முன்வருகிறார்.

சட்டப் பின்னணி

பெற்றோர் பிறருடைய துணையின்றி வாழ முடியாத வறுமையில் இருக்கும்போது அவர்களை விட்டுவிட்டுத் துறவறம் புகுவது முறையல்ல என்று 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்குவினாஸ் எழுதினார். 1917ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பு இதை விதியாகவே வைத்தது. கடும் தேவையில் உள்ள தாய், தந்தை, தாத்தா, பாட்டி ஆகியோரைத் தாங்க வேண்டிய பிள்ளையையும், கடனை அடைக்க இயலாதவரையும் நவதுறவகத்தில் சேர்ப்பதை அதன் 542ஆம் பிரிவு தடுத்தது. இன்று நடைமுறையிலுள்ள 1983ஆம் ஆண்டுத் தொகுப்பில் பெற்றோரைப் பற்றிய அந்த வரி இல்லை. கடன் பற்றிய தடை 644ஆம் பிரிவில் தொடர்கிறது. பௌத்த விநயத்திலும் துறவு கேட்பவரிடம் கடன் உண்டா, பெற்றோர் இசைந்தார்களா என்று கேட்கப்படுகிறது. ஆகவே குடும்பக் கடமையைச் சொல்லி அவகாசம் கேட்பது அழைத்தலில் குறை என்று கொள்ளப்படுவதில்லை.

அதேவேளை ஒத்திவைப்பு ஓர் உரிமையும் அல்ல. மறைமாவட்டக் குருமாணவரைப் பெரிய குருமடத்தில் சேர்ப்பது 241ஆம் பிரிவின்படி ஆயரின் முடிவு. துறவற சபையில் அந்த முடிவு சபையின் உயர் தலைவருடையது.

யாருக்கு, எப்போது

எடுத்துக்காட்டாக, செங்கோட்டை 1973இல் மதுரையிலிருந்து பிரிந்த பாளையங்கோட்டை மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. இவ்வூர் இளைஞர் மறைமாவட்டக் குருவாக விரும்பினால் கடிதம் ஆயருக்கு எழுதப்படும். பங்குத்தந்தை வழியாக, இறையழைத்தல் பணிக்குப் பொறுப்பான குருவின் கைக்குச் செல்லும். வகுப்புகள் வழக்கமாக ஜூனில் தொடங்குவதால், காரணம் தெரிந்தவுடன், மே மாதத்துக்குள்ளாகவே எழுதுவது நல்லது. தாமதித்தால் அந்த இடத்தை வேறொருவருக்குத் தர வழியில்லாமல் போகும்.

உள்ளடக்கம்

கடிதம் நான்கு செய்திகளைச் சொல்ல வேண்டும்: கடமை என்ன, அதை ஏன் இவரே செய்ய வேண்டும், அது எப்போது முடியும், முடிந்தபின் வீட்டை யார் தாங்குவார். நான்காவதுதான் பெரும்பாலும் விடுபடுகிறது. ஓராண்டுக்குப் பின்னும் அதே நிலை நீடிக்குமானால் ஒத்திவைப்புக்குப் பொருளில்லை.

ஓர் எடுத்துக்காட்டு: செங்கோட்டையிலிருந்து புனலூருக்குச் சரக்கு லாரி ஓட்டும் தந்தைக்கு விபத்தில் கால் முறிந்துவிட்டது. தம்பி ஐ.டி.ஐ. இறுதியாண்டில் இருக்கிறான். அம்மா பெயரில் மகளிர் குழுக் கடன் நிற்கிறது. மூத்த மகன் இப்படி எழுதலாம்:

> மேதகு ஆயர் அவர்களுக்கு,
>
> கிறிஸ்துவில் பணிவான வணக்கம். இவ்வாண்டு ஜூனில் குருமடத்தில் சேர எனக்கு அனுமதி தந்தீர்கள், நன்றி. ஏப்ரலில் நடந்த விபத்தில் என் அப்பாவின் கால் முறிந்தது. எட்டு மாதம் வண்டி ஓட்டக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். குழுக் கடனுக்கு இன்னும் பத்துத் தவணை உள்ளது. இப்போது வீட்டில் சம்பாதிக்கக்கூடியவன் நான் மட்டுமே. தம்பி அடுத்த ஆண்டு படிப்பை முடித்து வேலைக்குப் போவான். அதற்குள் கடனும் அடைந்துவிடும். எனவே என் சேர்க்கையை அடுத்த ஜூனுக்குத் தள்ளிவைக்க வேண்டுகிறேன். இந்த ஓராண்டும் பங்குத்தந்தையின் வழிகாட்டலில் இருப்பேன். மருத்துவச் சான்றும் பங்குத்தந்தையின் கடிதமும் இணைத்துள்ளேன்.
>
> தங்கள் ஆசீரை வேண்டும்,
> (பெயர், பங்கு, கையொப்பம்)

இதில் இரக்கம் தேடும் சொற்கள் இல்லை. எட்டு மாதம், பத்துத் தவணை, தம்பியின் படிப்பு ஆகிய மூன்றும் ஓராண்டுக்குள் அடங்குவதால், கேட்கும் காலத்துக்கும் காரணத்துக்கும் பொருத்தம் தெரிகிறது.

பிழைகள்

அக்கா திருமணம் போன்ற காரணத்தைச் சொல்லும்போது நாளோ மாதமோ குறிக்காமல் ‘திருமணம் முடியும் வரை’ என்று எழுதினால் அது முடிவில்லாத ஒத்திவைப்பாகிவிடும். இன்னும் வரன் அமையாத நிலையில் ஓராண்டு போதும் என்பதற்கும் ஆதாரமில்லை. இன்னொரு பிழை, சொந்தத் தயக்கத்தைக் குடும்பத்தின் மேல் சுமத்துவது. பங்குத்தந்தை வீட்டுக்குச் சென்று பேசும்போது, ‘நாங்கள் போகச் சொல்லியும் அவன்தான் வேண்டாம் என்கிறான்’ என்று பெற்றோர் சொல்வதில் இது வெளிப்பட்டுவிடும். தயக்கம் இருந்தால் அதையே ஆன்ம வழிகாட்டியிடம் சொல்வது நேர்மை. பெற்றோர் எழுதிக் கொடுத்ததில் மகன் கையொப்பம் மட்டும் இடுவதும் ஏற்புடையதல்ல. கேட்பவர் அவர், எனவே எழுத வேண்டியவரும் அவரே.

பதிலும் பின்பும்

ஒத்திவைப்பு ஏற்கப்பட்டாலும் அடுத்த ஆண்டுச் சேர்க்கை தானாக நிகழ்வதில்லை. திருமுழுக்கு, உறுதிபூசுதல் சான்றுகள் மாறாதவை. மருத்துவச் சான்றும் பங்குத்தந்தையின் பரிந்துரையும் புதிதாகக் கேட்கப்படலாம். பதில் வராத கடிதம் அனுமதி ஆகாது. எழுத்தில் இசைவு கிடைக்கும்வரை, முதலில் குறித்த நாளே விண்ணப்பதாரர் சேர வேண்டிய நாள்.